பத்து நாள் தண்ணீர் படாத பெட்டி

கண்டியில் ஒரு சிறிய நாடக சபைக்கு நான் முகம் எழுதிக்கொண்டிருந்தேன். பகலில் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் துணி அளப்பேன். நாடகம் உள்ள நாட்களில் மூன்று மணிக்கே கடையிலிருந்து கிளம்பிவிடுவேன். முதலாளி நாடகப் பிரியர், ஒன்றும் சொல்ல மாட்டார். நான் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். எழுதத் தெரிந்ததெல்லாம் முகம்தான் என்று சபைக்காரர்கள் கேலி செய்வார்கள். இப்போது இதை எழுத உட்கார்ந்திருப்பதும் எழுத்து வந்துவிட்டதால் அல்ல. யாரிடமாவது சொல்ல வேண்டும். கோவிலில் சொல்லிப் பார்த்தேன், மனம் ஆறவில்லை.

முகம் எழுதுவது பாதி வேலை, கழுவுவது மீதி வேலை. அந்த மீதி வேலையைப் பார்ப்பவர் எவரும் இல்லை. சீமையிலிருந்து வரும் குச்சிச் சாயம் மெழுகும் எண்ணெயும் கலந்தது. வெறும் தண்ணீரில் போகாது. தொழிலுக்கு வந்த முதல் வருஷம் அது தெரியாமல், கொதிக்கிற தண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்து பிரஷ்களை அதில் முக்கி வைத்தேன். அழுக்கு போனது உண்மை. பட்டுப்போல இருந்த அணில்மயிர் பிரஷ் தேங்காய்த் தும்பாகிவிட்டது. மயிரைப் பிடித்திருந்த பசை சூட்டில் இளகி, மறுநாள் பவுடர் பிரஷின் மயிர் ராஜபார்ட்காரரின் கன்னமெல்லாம் ஒட்டிக்கொண்டது. "என்னய்யா, எனக்கு அனுமார் வேஷமா?" என்று கேட்டார். அப்புறம் மண்ணெண்ணெய் போட்டுப் பார்த்தேன். மயிர் வறண்டு நாறியது, நாற்றம் முகத்தில் ஏறியது. ஸ்பிரிட்டால் துடைத்தால் சாயம் சட்டென்று விட்டுவிடும், சீக்கிரம் காயும். ஆனால் தினமும் ஸ்பிரிட் பட்டால் மயிர் முறிய ஆரம்பிக்கும்.

கடைசியில் எனக்குப் பிடிபட்டது எளிய வழி. முதலில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய். உள்ளங்கையில் பிரஷைச் சுழற்றினால் சாயம் இளகி எண்ணெயோடு வரும். துணியில் ஒற்றி எடுத்துவிட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரில் பிள்ளைகளுக்குப் போடுகிற மெல்லிய சோப். நுனியை மட்டும் நனைக்க வேண்டும். மயிரைப் பிடித்திருக்கும் தகரக் குழலுக்குள் தண்ணீர் இறங்கக் கூடாது. தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசி, விரலால் நுனியைப் பழைய வடிவத்துக்குக் கூட்டி, மேசை ஓரத்தில் மயிர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி படுக்க வைக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் குழலுக்குள் போய்ப் பசையைத் தின்றுவிடும். அடுப்பங்கரைச் சூடும் ஆகாது, நிழலில் காற்றில்தான் காய வேண்டும். முகத்தில் சாயம் பூசும் கடற்பஞ்சை எந்நாளும் கொதிக்க வைக்கக் கூடாது, சுருங்கிக் கல்லாகும். சோப்பில் பிசைந்து பிசைந்து அலசி, முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து, காற்றுப் படத் தொங்கவிட வேண்டும். மலைநாட்டு மழைக்காலத்தில் அது காய இரண்டு நாளாகும். அதனால் இரண்டு பஞ்சு வைத்திருந்தேன், ஒன்று காயும்போது ஒன்று வேலை செய்யும்.

கண் எழுதும் பிரஷும் உதட்டுப் பிரஷும் பஞ்சும் நாடகம் நடந்த ஒவ்வொரு நாளும் கழுவப்படும். உலர்ந்த பவுடர் போடும் பெரிய பிரஷ் வாரத்துக்கு ஒருமுறை. இப்படித்தான் நான் வைத்திருந்தேன். இது போதாது என்று பிற்பாடுதான் தெரிந்தது. ஆனால் இதைக்கூட நான் ஒருமுறை நிறுத்தினேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் மனைவியின் தம்பி எங்களோடுதான் இருந்தான். இருபத்திரண்டு வயது. தாய் தகப்பன் இல்லாதவன். சபையில் பெண்வேஷம் கட்டுவான். அவனுக்கு முகம் எழுத உட்கார்ந்தால் என் கைக்கே ஒரு பயம் வரும், இருப்பதைக் கெடுத்துவிடக் கூடாதே என்று. கண்கள் அப்படி. மை இட்டு ஓரத்தில் ஒரு வால் இழுத்தால் போதும், கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவர்களும் அவன் யாரைப் பார்க்கிறான் என்று சொல்லிவிடுவார்கள். வாத்தியார், அதாவது சபையை நடத்தி நாடகம் பழக்குகிறவர், "இவன் பாடவே வேண்டாம், பார்த்தாலே போதும்" என்பார்.

அந்த வருஷம் பத்து நாள் தொடர்ந்து நாடகம் போடுவதாக ஏற்பாடு. முதல்முறையாக அவனுக்குக் கதாநாயகி வேஷம். பத்தாம் நாள் மதுரைப் பக்கத்துப் பெரிய நாடகக் கம்பெனி ஒன்றின் மேனேஜர், கொழும்புக்கு வந்த இடத்திலிருந்து அவனைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். பிடித்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவார். என் மனைவி அந்தச் செய்தி கேட்டதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்தாள்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். முதல் நாள் நாடகத்துக்கு முன்னால் வேஷப் பெட்டிக்குப் பூசை போடுவோம். பெட்டியைத் திறந்து பிரஷ், பஞ்சு, சாயக்குச்சி எல்லாவற்றையும் வாழை இலையில் பரப்பி, திருநீறும் சந்தனமும் வைத்துக் கற்பூரம் காட்டுவோம். பூசை வைத்த பெட்டியில் அன்றைக்கு மட்டும் தண்ணீர் படாது. மறுநாள் காலையில் கழுவலாம். வாத்தியாரின் ஆசான் காலத்து வழக்கம்.

அன்று கற்பூரம் எரியும்போது நான் மனதுக்குள் முருகனிடம் சொன்னேன். இந்தப் பிள்ளை கரையேற வேண்டும். பத்தாம் நாள் மங்களம் பாடும்வரை இந்தப் பெட்டியில் ஒரு பொட்டுத் தண்ணீர் பட விடமாட்டேன். நீ இதில் வந்து இருந்தபடி இரு. கழுவி உன்னை வெளியே அனுப்ப மாட்டேன்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. முருகன் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

முதல் மூன்று நாள் ஒன்றும் தெரியவில்லை. கூட்டம் நாளுக்கு நாள் கூடியது. பார்த்தாயா என்று எனக்குள்ளேயே பெருமைப்பட்டேன். நாலாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. பெட்டி மூடியைத் திறந்தால் பஞ்சு புளித்து வாடை அடித்தது. சமையலறையிலிருந்து என் மனைவி மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"என்னங்க இது, பழங்கஞ்சி மாதிரி நாறுது? கழுவலயா?"

"நேர்த்தி வெச்சிருக்கேன். பத்து நாளைக்குத் தண்ணி படாது."

"யாருக்கு நேர்த்தி?"

"ஒந் தம்பிக்குத்தான்."

அவள் உடனே கையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டாள். பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனாள். அதற்கப்புறம் அந்த வாடையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் ஒரு தந்திரம் செய்தேன். தண்ணீர்தானே படக்கூடாது, துடைக்கலாம் அல்லவா? ஒரு வேட்டித் துண்டை எடுத்து ஒவ்வொருவருக்கும் எழுதி முடித்ததும் பிரஷைத் துடைத்தேன். மேலே உள்ளது துணியில் வந்தது. உள்ளே உள்ளது அங்கேயே இருந்தது. மையும் எண்ணெயும் மயிருக்குள் காய்ந்து காய்ந்து, மெல்லிய நுனி மூன்று நான்கு முட்களாகப் பிரிந்து நின்றது. விரலால் பிசைந்து நுனியைச் சேர்த்து எழுதினேன். கை பழகியிருந்ததால் கோடு நேராக வந்தது. கோடு நேராக வந்ததே, அதுதான் என்னை ஏமாற்றியது.

ஆறாம் நாள் நாடகம் இல்லாத பகல் பொழுதில் எங்கள் சபையில் கோமாளி வேஷம் கட்டும் பபூன் தெல்தெனியவில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு, மாலையில் நேரே கொட்டகைக்கு வந்தார். மேடைக்கு முதலில் போகிறவர் அவர்தான், ஆகவே முதலில் அவருக்குத்தான் எழுதுவேன். அடுத்தது என் மைத்துனன். பபூன் எதிரே உட்கார்ந்தபோது இரண்டு கண்ணும் இரத்தமாக இருந்தன. இமையோரத்தில் மஞ்சளாகப் பீளை.

"என்னண்ணே கண்ணு?"

"அக்கா வீட்டுல புள்ளைங்க எல்லாத்துக்கும் கண்ணு நோவு. எனக்கு ஒண்ணுமில்ல, பஸ்ஸுல புழுதி."

"மழையில புழுதியா?"

"தெல்தெனியாப் புழுதி மழைக்கெல்லாம் அடங்காதுடா. நீ எழுது. செவப்பா இருந்தா செவப்புச் சாயம் மிச்சம்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு வேஷம் கட்டாவிட்டால் வாத்தியார் வேறு ஆளைப் போட்டுவிடுவார் என்று அவர் பயந்தது எனக்குத் தெரியும். இமையோரத்தில் மை எழுதினேன். பீளை பிரஷில் வந்தது. துண்டில் துடைத்தேன். இன்னொரு முறையும் துடைத்தேன். கூஜாவில் தண்ணீர் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"வாங்க மாப்ள," என்று என் மைத்துனனைக் கூப்பிட்டேன்.

அதே பிரஷ்.

எழுதும்போது ஒரு முள் குத்தியிருக்க வேண்டும். அவன் சடாரென்று தலையைப் பின்னுக்கு இழுத்தான். இடது கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"அத்தான், பிரஷா ஈர்க்குச்சியா?"

"ஆடாம இருந்தா குத்தாது."

"ஆடத்தான என்னைய வெச்சிருக்கீங்க," என்றான். எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். நான் கண்ணீரை ஒற்றிவிட்டு, கலைந்த மையைச் சரிசெய்தேன். அதே பிரஷால்.

எட்டாம் நாள் காலை அவன் எழுந்தபோது இரண்டு கண்ணும் சிவந்து, இடது இமை ஒட்டிக்கொண்டிருந்தது. என் மனைவி தாய்ப்பால் விட்டால் சரியாகும் என்று அடுத்த வீட்டுப் பெண்ணிடம் சங்கில் வாங்கி வந்து விட்டாள். மாலைக்குள் வலது கண் கொஞ்சம் தெளிந்தது. இடது கண் தெளியவில்லை. வெளிச்சத்தைப் பார்த்தால் கூசுகிறது, மணல் கிடப்பதுபோல் இருக்கிறது என்றான். வாத்தியாரிடம் சொல்லக் கூடாது என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினான். ஒன்பதாம் நாளும் ஆடினான்.

பத்தாம் நாள் மாலை இமை வீங்கி, கண் ஒரு கீற்றாகத்தான் திறந்தது. நான் பிரஷைக் கையில் எடுக்கவில்லை.

"மாப்ள, இன்னைக்கி வேணாம்பா. வாத்தியார்கிட்ட நான் சொல்றேன்."

"அந்த மனுசன் கொழும்புல இருந்து வந்து உக்காந்திருக்காரு. இன்னைக்கி ஒரு நாள் அத்தான். நாளைக்கி ஆஸ்பத்திரிக்கிப் போவோம். பாருங்க, இது வீங்கினதால இன்னொரு கண்ணு பெருசாத் தெரியுது. அதையும் இது மாதிரி வீங்க வெச்சுடுங்க, சரியாப் போகும்."

சிரிக்கிறானே என்று எழுதினேன். இதை எழுதும்போது இப்போதும் என் கை நிற்கிறது. வீங்கிய இமையில் மையை மெதுவாக, மிக மெதுவாக எழுதினேன், ஏதோ மெதுவாக எழுதினால் பாவம் குறையும் என்பதுபோல. அவன் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அன்று அவன் ஆடியதைப் பற்றி நான் எழுத மாட்டேன். மேனேஜருக்குப் பிடித்திருந்தது. காகிதம் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மங்களம் பாடினார்கள். என் நேர்த்தி முடிந்தது.

மறுநாள் விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கண் பார்க்கிற டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். விபூதிப் பூச்சுள்ள நெற்றி. விளக்கை வைத்து நீண்ட நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கருவிழியிலை புண் வந்திட்டுது. எத்தினை நாளாய் இப்பிடி?"

"மூணு நாளுங்க."

"கண்ணுக்கு என்னத்தாலை எழுதுறனீங்கள்?"

நான் பெட்டியோடு போயிருந்தேன். ஏன் எடுத்துக்கொண்டு போனேன் என்று தெரியவில்லை. திறந்து காட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் கண் பிரஷை நகத்தால் தட்டிப் பார்த்தார். குச்சியைத் தட்டினதுபோல் சத்தம் வந்தது.

"இந்த ஒரு பிரஷாலையோ எல்லாருக்கும்?"

"ஆமாங்க."

"ஆருக்கும் கண்வருத்தம் இருந்ததோ?"

"ஒருத்தருக்கு இருந்துச்சுங்க."

"ஓம், அவரின்ரை பீளைதான் இங்கை வந்திருக்கு. இந்தக் காய்ஞ்ச மயிர் கீறிப்போட்டுது, கீறின இடத்திலை அது இறங்கிட்டுது. கழுவுறேல்லையோ?"

"தினம் கழுவுவேனுங்க. இந்தப் பத்து நாள் மட்டும்... நேர்த்திங்க."

அவர் பிரஷைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். "நானும் கோயிலுக்குப் போறவன்தான்," என்றார். "முருகன் எந்த நாளும் ஊத்தையைக் கேட்டவர் இல்லை."

பிறகு சொன்னார், கோபமில்லாமல். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. தினம் கழுவுவதுகூடக் காணாது என்றார். கண்ணுக்கும் உதட்டுக்கும் ஆளுக்கு ஒரு பிரஷ் வேண்டும். இல்லையென்றால் ஓர் ஆள் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்த ஆளுக்கு. கண்நோய் உள்ளவனுக்கு எழுதவே கூடாது. அவன் கண்ணில் பட்ட பிரஷை எரித்துவிட வேண்டும். ஈரப் பஞ்சைப் பெட்டிக்குள் பூட்டவே கூடாது. பஞ்சுக்குப் பதிலாக ஆளுக்கொரு துண்டுத் துணி வைத்துக்கொண்டால் அதைக் கொதிக்க வைத்துத் துவைக்கலாம். இவ்வளவும் சொல்லிவிட்டு, அவனை வார்டுக்குள் அனுப்பினார்.

மூன்று வாரம் இருந்தான். போரிக் தண்ணீரில் கண்ணைக் கழுவுவார்கள், பழுப்பாக ஒரு மருந்து விடுவார்கள், கட்டுவார்கள். வலது கண் ஒரு வாரத்திலேயே சுத்தமாகிவிட்டது. இடது கண் கட்டை அவிழ்த்த அன்று நானும் என் மனைவியும் கட்டில் பக்கத்தில் நின்றோம். புண் ஆறியிருந்தது. ஆறின இடத்தில் வெள்ளையாகப் பூ விழுந்திருந்தது, சரியாகக் கருமணியின் மேல்.

"அக்கா, இந்தப் பக்கம் பனி மூட்டமா இருக்கு," என்றான். "வெளியிலயும் பனியா?"

வெளியே நல்ல வெயில். என் மனைவி, "ஆமாடா, பனிதான்," என்றாள்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அது போகாது என்றார்.

பபூனுக்கு நாலு நாளில் கண் சுகமாகிவிட்டது. விஷயம் தெரிந்து வீட்டுக்கு ஓடி வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டு அழுதார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் ஒளித்தார், ஆனால் நான் பார்த்தேன் அல்லவா.

மேனேஜரின் காகிதம் வந்தது. அடுத்த மாதம் கப்பலுக்கு வரும்படி எழுதியிருந்தார். நான்தான் படித்துக் காட்டினேன். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கையெழுத்து நல்லா இருக்கா அத்தான்?" என்று மட்டும் கேட்டான். வாத்தியார் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். ஒரு கண் வெள்ளையாக இருப்பவனைக் கதாநாயகி என்று எந்தச் சனம் ஒத்துக்கொள்ளும்? கூட்டத்தில் நிற்கும் தோழி வேஷத்துக்குக் கேட்டார். அவன் போகவில்லை. கடுகண்ணாவையில் ஒரு தேங்காய்க் கடையில் நிறுவை வேலைக்குச் சேர்ந்தான்.

நான் சபையை விடவில்லை. விட்டால் வேறொருவன் வந்து இதே தவறைச் செய்வான் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு வேறு எதுவும் தெரியாது. டாக்டர் சொன்னபடியே செய்தேன். அந்தக் கண் பிரஷை அடுப்பில் போட்டேன், பஞ்சையும் போட்டேன். கொழும்பிலிருந்து ஆளுக்கொரு பிரஷ் தருவித்து, பிடியில் ஒவ்வொருவர் அடையாளத்துக்கும் ஒரு நிற நூல் சுற்றினேன். அன்றன்றைக்கு எண்ணெய், சோப்பு, இளஞ்சூட்டுத் தண்ணீர், நிழல். பூசை அன்றைக்கும் கழுவினேன். வாத்தியார் தடுக்கவில்லை. அதற்கப்புறம் எங்கள் சபையில் ஒருவருக்கும் கண்நோய் பரவவில்லை. எல்லாரும் என்னை மெச்சினார்கள். அவர்கள் மெச்சும்போதெல்லாம் எனக்கு எங்காவது ஓடிப்போய்விட வேண்டும்போல் இருக்கும்.

என் மனைவி என்னைத் திட்டவில்லை. ஒரே ஒருமுறை, அரிசி களைந்துகொண்டிருக்கும்போது திரும்பாமலே சொன்னாள்: "அந்த வாடை வந்தப்ப நான் சட்டியில போட்டு அலசியிருக்கணும். ஒங்க நேர்த்தி ஒடைஞ்சா ஒடையட்டும்னு." அப்படிச் செய்திருந்தால் நான் அவளை அடித்திருப்பேன். அதையும் நான் நினைத்துப் பார்த்தேன்.

கோவிலுக்கு இன்றும் போகிறேன். முருகனைக் குறை சொல்லவில்லை, அவன் கேட்காததை நான் கொடுத்தேன். ஆனால் எதையும் வேண்டிக்கொள்ள வாய் வருவதில்லை. திருநீறு வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் ரயிலில் வீட்டுக்கு வருவான். ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டிவருவேன். பஸ்ஸும் மாட்டுவண்டியும் நெரியும் ரோட்டில் அவனுடைய இடது பக்கமாக நடப்பேன், அந்தப் பக்கம் வருவது அவனுக்குத் தெரியாதே என்று. பல வாரம் அப்படி நடந்தேன். ஒருநாள் வாவிக்கரைத் திருப்பத்தில் அவன் நின்றுவிட்டான். கழுத்தை முழுக்கத் திருப்பி என்னைத் தேடினான்.

"அத்தான், இந்தப் பக்கமா வராதீங்க."

"ஏம்பா? வண்டி வருதே."

"வந்தா சத்தம் கேக்கும். நீங்க இங்கிட்டு நடந்தா, நீங்க கூட வர்றதே எனக்குத் தெரிய மாட்டேங்குது. தனியாப் போற மாதிரி இருக்கு."

நான் சுற்றி வந்து வலது பக்கம் நடந்தேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஏதோ கடைக் கதை சொன்னான். ஒரு சொல்லும் என் காதில் ஏறவில்லை. அவனுடைய இடது பக்கம் ஒரு பஸ், கையை நீட்டினால் தொடும் தூரத்தில், கடந்து போனது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.